மண்ணுக்குள் மறைந்த வால்வு எங்கே? இரண்டு அடையாளங்களை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

நிலத்தடியில் பிவிசி குழாய் பதித்த எல்லா விவசாயிகளுக்கும் இந்தச் சிக்கல் ஒரு நாள் வரும். மோட்டார் ஓடுகிறது, கடைசி வாய்க்காலில் தண்ணீர் குறைகிறது, நடுவில் எங்கோ ஒரு இணைப்பு கசிகிறது. இரண்டரை அடி ஆழத்தில் டீ வைத்த இடம் 'அந்தப் பக்கம் எங்கோ' என்றுதான் நினைவில் இருக்கும். பதித்தபோது அடித்து வைத்த குச்சியை ரோட்டவேட்டர் எப்போதோ அள்ளிப் போட்டிருக்கும். பயிர் நிற்கும் வயலில் இருபது அடிக்குப் பள்ளம் தோண்டித் தேடினால் கூலியும் போகும், பயிரும் போகும். ஜேசிபி விட்டால் நல்ல குழாயும் சேர்ந்து உடையும்.

வயலுக்குள் நட்ட அடையாளம் நிலைக்காது. ஆனால் வயலைச் சுற்றி அசையாத அடையாளங்கள் இருக்கின்றன. மோட்டார் ரூம், பனைமரம், கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி போன்றவை அப்படிப்பட்டவை. குழியை மூடுவதற்கு முன் அந்த இடத்தில் நின்று, இவற்றில் இரண்டு எந்தத் திசையில் தெரிகின்றன என்று அளந்து எழுதி வைத்தால் போதும். பல வருடம் கழித்தும் அந்த இடத்துக்குச் சில அடி தூரத்துக்குள் வந்து நிற்கலாம். அதைச் செய்யும் விதத்தையும், இந்த முறை எங்கே ஏமாற்றும் என்பதையும் இங்கே பார்ப்போம்.

இரண்டு அடையாளம் ஏன் வேண்டும்?

திசைகாட்டியில், அதாவது காம்பஸில், வடக்கு 0 டிகிரி. அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றினால் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. முழுச் சுற்று 360. ஒரு பொருளைப் பார்த்து நிற்கும்போது காம்பஸ் காட்டும் எண்ணைத் திசைக்கோணம் என்று வைத்துக்கொள்வோம்.

பனைமரம் உங்களுக்குச் சரியாக வடக்கே தெரிகிறது என்றால் நீங்கள் பனைமரத்துக்குத் தெற்கே இருக்கிறீர்கள். ஆனால் எவ்வளவு தூரத்தில்? 50 அடியிலும் இருக்கலாம், 500 அடியிலும் இருக்கலாம். மரத்திலிருந்து தெற்கே போகும் ஒரு கோட்டின் மேல் எங்கோ நிற்கிறீர்கள் என்பது மட்டும் உறுதி. அதே நேரம் மோட்டார் ரூம் உங்களுக்குச் சரியாக மேற்கே தெரிந்தால், மோட்டார் ரூமிலிருந்து கிழக்கே போகும் ஒரு கோட்டின் மேலும் நிற்கிறீர்கள். இந்த இரண்டு கோடுகளும் ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டும். அந்த இடம்தான் நீங்கள் நிற்கும் இடம். முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

அடையாளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, அது நிலையாக இருக்க வேண்டும். வெட்டப்படக்கூடிய மரம், மாற்றி நடப்படக்கூடிய மின்கம்பம், வைக்கோல் போர் ஆகியவை வேண்டாம். கட்டடத்தின் மூலை, கல்தூண், கோபுரக் கலசம் ஆகியவை நல்லவை. மரத்தைத்தான் வைக்க வேண்டும் என்றால் பனை போன்ற ஒற்றைத் தண்டு மரமாக இருக்கட்டும். அதிலும் கொண்டையைப் பார்க்காமல் அடித்தண்டைப் பாருங்கள். சாய்ந்த மரத்தில் கொண்டை ஒரு பக்கம் இருக்கும், அடி ஒரு பக்கம் இருக்கும்.

இரண்டாவது, அது பக்கத்தில் இருப்பது நல்லது. தூரத்தில் பெரிதாகத் தெரியும் கோபுரம்தான் சிறந்த அடையாளம் என்று தோன்றும். ஆனால் கோணத்தில் வரும் சிறு தவறு தூரத்தோடு சேர்ந்து வளரும். ஒரு டிகிரி தவறினால் 100 அடி தூரத்துக்கு ஒன்றே முக்கால் அடி விலகும். அதே ஒரு டிகிரி, 1000 அடி தள்ளி இருக்கும் கோபுரத்துக்கு பதினேழரை அடி விலகலாகிவிடும். ஆகவே 100 முதல் 250 அடிக்குள் இருக்கும் அடையாளங்களையே முதலில் தேடுங்கள்.

மூன்றாவது, இரண்டு அடையாளங்களும் ஒரே பக்கம் இருக்கக் கூடாது. இரண்டு குச்சிகளைத் தரையில் போட்டுப் பாருங்கள். கூட்டல் குறி போலக் குறுக்காகப் போட்டால் வெட்டும் இடம் பளிச்சென்று தெரியும். கத்தரிக்கோலை மூடுவது போல இரண்டையும் நெருக்கினால் எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று சொல்வதே கடினம். லேசாக அசைத்தாலும் வெட்டும் இடம் நீளவாக்கில் ஓடிவிடும். இரண்டு பார்வைக்கும் இடையே 90 டிகிரி இருந்தால் மிக நல்லது. 60 முதல் 120 வரை பரவாயில்லை. 15 டிகிரிதான் இடைவெளி என்றால் தவறு ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகும். ஒரு அடையாளம் முகத்துக்கு நேரேயும் மற்றொன்று முதுகுக்கு நேரேயும் இருந்தாலும் இதே கதிதான். இரண்டு கோடுகளும் ஒரே கோடாகப் படுத்துவிடும்.

நாட்டையே அளந்தவர்களும் இந்த விதியை மீறவில்லை. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரிய நில அளவையில், மலையுச்சிகளையும் கோயில் கோபுரங்களையும் அடையாளமாக வைத்து முக்கோணம் முக்கோணமாகத்தான் தூரம் கணக்கிட்டார்கள். ஒல்லியான முக்கோணங்களை முடிந்தவரை தவிர்த்தார்கள். காரணம் மேலே சொன்ன கத்தரிக்கோல்தான்.

திசையை அளக்கும் விதம்

பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் காம்பஸ் செயலி உண்டு. சில விலை குறைந்த போன்களில் அதற்கான காந்த உணரி இருக்காது. நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எண் ஒழுங்காக 0-லிருந்து 360 வரை மாறி, பழைய இடத்துக்குத் திரும்பினால் பழைய எண்ணே வர வேண்டும். அப்படி வராவிட்டால் அந்தப் போன் இந்த வேலைக்கு ஆகாது. கையில் பிடிக்கும் சாதாரணக் காம்பஸ் இருந்தாலும் போதும்.

அளப்பதற்கு முன் போனைக் கையில் பிடித்து, எட்டு என்ற எண்ணைக் காற்றில் எழுதுவது போல நாலைந்து முறை சுழற்றுங்கள். காந்த உணரி தன்னைச் சரி செய்துகொள்ள இது உதவும். காந்தப் பூட்டு வைத்த உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

வால்வு இருக்கும் இடத்துக்கு நேர் மேலே நில்லுங்கள். போனைக் கிடையாக, வயிற்றுக்கு முன்னால் பிடியுங்கள். போனின் மேல் விளிம்பு அடையாளத்தை நேராகப் பார்க்க வேண்டும். எண்ணை எழுதுங்கள். கையை இறக்கி, திரும்பவும் பிடித்து, இன்னும் இரண்டு முறை எடுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி கிடைக்கும். ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து ஐந்து டிகிரிக்கு மேல் விலகி நின்றால் அதை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

வடக்குப் பக்கம் பார்க்கும்போது ஒரு கவனம் தேவை. 358, 1, 4 என்று வந்தால் அப்படியே கூட்டி வகுக்காதீர்கள். அப்படிச் செய்தால் 121 என்று தென்கிழக்கைக் காட்டும். 0-ஐத் தாண்டிய எண்களோடு 360-ஐச் சேர்த்து 358, 361, 364 என்று வைத்து வகுத்தால் 361 வரும். அதாவது 1 டிகிரி.

ஒரு வயலில் செய்து பார்ப்போம்

வயலின் மேல் வரப்பில் மோட்டார் ரூம். அதற்குச் சரியாகக் கிழக்கே ஒரு பனைமரம். இரண்டுக்கும் இடையே டேப் பிடித்து அளந்தால் 240 அடி. டீ புதைந்திருக்கும் இடம் இரண்டுக்கும் தெற்கே, வயலின் நடுவில். குழியை மூடுவதற்கு முன் அங்கே நின்று பார்த்ததில் மோட்டார் ரூமின் தென்கிழக்கு மூலை 320 டிகிரியில் தெரிகிறது. பனையின் அடித்தண்டு 50 டிகிரியில் தெரிகிறது. 320-லிருந்து 360 வரை 40, அங்கிருந்து 50, மொத்தம் 90 டிகிரி இடைவெளி. இதைவிட நல்ல வெட்டு கிடைக்காது.

இதை நோட்டில் இப்படி எழுதுங்கள்:

டீ இணைப்பு, ஆழம் இரண்டரை அடி.
மோட்டார் ரூம் தென்கிழக்கு மூலை: 320.
பனை அடித்தண்டு: 50.
தெற்கு வரப்புக் கல்தூண்: 185.
பனையடியிலிருந்து மோட்டார் ரூம் மூலை: 270, தூரம் 240 அடி.
தேதி, எந்தப் போன்.

மூன்றாவதாக ஒரு கல்தூணையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு போதும். ஆனால் இரண்டு கோடுகள் எப்போதும் எங்காவது வெட்டிக்கொள்ளும். ஒரு எண்ணைத் தவறாக எழுதியிருந்தாலும் வெட்டும், அதனால் தவறு வெளியே தெரியாது. மூன்றாவது கோடும் அதே இடத்தின் அருகே வந்தால்தான் மற்ற இரண்டும் சரி என்று நம்பலாம். பனையை ஒருநாள் வெட்டிவிட்டாலும் அந்தக் கல்தூண் கைகொடுக்கும்.

கடைசியில் எழுதிய பனையடி அளவு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

திரும்ப அந்த இடத்துக்குப் போவது

மூன்று வருடம் கழித்து அந்த டீயைத் தேட வேண்டும். நினைவில் இருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். முதலில் மோட்டார் ரூம் மூலையைப் பாருங்கள். 320 வர வேண்டும், ஆனால் 326 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் நகர வேண்டும்?

அடையாளத்தைப் பார்த்து நின்றுகொண்டு, காம்பஸ் எண் நோட்டில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் வலது கைப் பக்கம் நகருங்கள். குறைவாக இருந்தால் இடது கைப் பக்கம் நகருங்கள். எந்தத் திசைக்கும் இந்த விதி பொருந்தும்.

எவ்வளவு நகர வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 100 அடி தூரத்துக்கு ஒரு டிகிரி என்றால் ஒன்றே முக்கால் அடி. மோட்டார் ரூம் சுமார் 150 அடியில் இருக்கிறது, ஆகவே ஒரு டிகிரிக்கு இரண்டே முக்கால் அடி. ஆறு டிகிரி அதிகம் என்பதால் வலப்பக்கம் சுமார் 16 அடி நகர்ந்து மறுபடி பாருங்கள். 320 வந்ததும் நீங்கள் முதல் கோட்டின் மேல் நிற்கிறீர்கள்.

இப்போது பனையைப் பாருங்கள். 50 வர வேண்டிய இடத்தில் 46 காட்டினால், பனையைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம் போக வேண்டும். நம் வயலில் அது மோட்டார் ரூமை நோக்கி நடப்பதுதான். மோட்டார் ரூம் மூலையை நேரே பார்த்தபடி நடங்கள், அப்போது முதல் கோட்டை விட்டு விலக மாட்டீர்கள். பனை சுமார் 180 அடியில் இருப்பதால் ஒரு டிகிரிக்கு மூன்று அடிக்குச் சற்று அதிகம். நான்கு டிகிரிக்கு சுமார் 13 அடி நடந்து பாருங்கள். பனை 50-லும் மோட்டார் ரூம் 320-லும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் அங்கே ஒரு குச்சியை அடியுங்கள். கடைசியாகக் கல்தூணைப் பாருங்கள். 185-க்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் இடம் சரி.

தாளில் வரைந்து வைப்பது

பயிர் உயரமாக நிற்கும்போது உள்ளே நின்றால் அடையாளம் தெரியாமல் போகலாம். அதற்குத் தாளில் ஒரு படம் வரைந்து வைத்திருப்பது நல்லது. பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அளவுகோலும் பாகைமானியும் போதும்.

முதலில் ஒவ்வொரு திசைக்கோணத்தையும் திருப்பிப் போட வேண்டும். டீயிலிருந்து மோட்டார் ரூம் 320-ல் இருந்தால், மோட்டார் ரூமிலிருந்து டீ அதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும். எண் 180-க்கு மேல் இருந்தால் 180-ஐக் கழிக்க வேண்டும், குறைவாக இருந்தால் 180-ஐக் கூட்ட வேண்டும். 320-லிருந்து 180 போனால் 140. 50-உடன் 180 சேர்ந்தால் 230. ஆக, மோட்டார் ரூமிலிருந்து 140-லும் பனையிலிருந்து 230-லும் டீ இருக்கிறது.

20 அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து, 12 சென்டிமீட்டரில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். இடது முனை மோட்டார் ரூம், வலது முனை பனை. தாளின் மேல்பக்கம் வடக்கு. மோட்டார் ரூமிலிருந்து பனை கிழக்கே, அதாவது 90-ல் இருக்கிறது. டீ 140-ல் இருக்கிறது. வித்தியாசம் 50. ஆகவே இடது முனையில் பாகைமானியை வைத்துக் கோட்டுக்குக் கீழே 50 டிகிரியில் ஒரு கோடு இழுங்கள். பனையிலிருந்து மோட்டார் ரூம் 270-ல், டீ 230-ல். வித்தியாசம் 40. வலது முனையிலிருந்து கீழ்நோக்கி 40 டிகிரியில் இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் வெட்டும் இடம்தான் டீ.

இப்போது அளவுகோலால் அளந்தால் மோட்டார் ரூமிலிருந்து டீ 7.7 சென்டிமீட்டர், அதாவது சுமார் 154 அடி. பனையிலிருந்து 9.2 சென்டிமீட்டர், அதாவது சுமார் 184 அடி. வயலுக்குள் டேப் பிடிக்காமலே இரண்டு தூரமும் கிடைத்துவிட்டன. கரும்பு நிற்கும்போது வரப்பிலிருந்து எத்தனை அடி உள்ளே போக வேண்டும் என்பதை இந்தப் படத்திலேயே அளந்துகொள்ளலாம். டீ இருக்கும் இடம் மோட்டார் ரூம்–பனை கோட்டுக்குச் சுமார் 118 அடி தெற்கே என்று படம் காட்டும்.

கல்தூண் இருக்கும் இடத்தையும் படத்தில் குறித்து அதிலிருந்து மூன்றாவது கோட்டை இழுத்தால், மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சேருவது அபூர்வம். ஒரு சிறு முக்கோணம் உண்டாகும். அதன் பக்கங்கள் வயல் அளவில் ஏழெட்டு அடிக்குள் இருந்தால் அதன் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது, நாற்பது அடிக்கு முக்கோணம் விரிந்தால் ஏதோ ஒரு அளவு தவறு. குழியை மூடுவதற்கு முன் மறுபடி அளந்துவிடுங்கள்.

இரும்பு செய்யும் குழப்பம்

காம்பஸ் காந்தத்தை வைத்து வேலை செய்கிறது. பக்கத்தில் டிராக்டர், மோட்டார், இரும்புக் கம்பி வேலி, டிரான்ஸ்பார்மர், மேலே மின்கம்பி இருந்தால் எண் பத்து இருபது டிகிரிகூட மாறும். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அளந்தாலும் தவறு வரும். வண்டியை முப்பது அடிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, கையில் இரும்பு இல்லாமல் வாருங்கள். அடையாளமே இரும்பாக இருந்தால் கவலையில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் உள்ள இரும்புதான் கெடுக்கும்.

இரும்பு கெடுக்கிறதா என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டீ இருக்கும் இடத்திலிருந்து பனை 50 காட்டியது. ஒருவரை அங்கே நிற்க வைத்துவிட்டு நீங்கள் பனையடிக்குப் போய் அவரைப் பாருங்கள். 230 காட்ட வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இயல்பு. 240 காட்டினால் இரண்டில் ஏதோ ஒரு இடத்தில் இரும்பு இருக்கிறது. மோட்டார் ரூமை ஒட்டி நின்று இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் மோட்டாரே எண்ணை மாற்றும். அதனால்தான் நோட்டில் பனையடியிலிருந்து மோட்டார் ரூமைப் பார்த்து எழுதினோம்.

டீ இருக்கும் இடத்துக்கு மேலேயே மின்கம்பி போகிறது, பக்கத்திலேயே கம்பி வேலி இருக்கிறது என்றால் காம்பஸை விட்டுவிடுங்கள். வேறு வழி இருக்கிறது. கடலில் மீனவர்கள் மீன் கூடும் பாரைக் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு பொருட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரில் தெரியும் இடத்தைப் பார்ப்பார்கள். முன்னால் ஒரு தென்னை, அதன் பின்னால் நேராக ஒரு கோபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் இதேபோல இன்னொரு சோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை போடுவார்கள். வயலிலும் இதைச் செய்யலாம். 'மோட்டார் ரூம் மூலைக்கு நேர் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் இடது தூண்' என்று எழுதி வைத்தால் அதற்குக் காம்பஸே வேண்டாம். இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகியிருந்தால் இது காம்பஸைவிடத் துல்லியமாகவும் இருக்கும்.

போன் மாறிவிட்டால்

மூன்று வருடத்தில் போன் மாறியிருக்கும். புதிய போன் எல்லாத் திசையிலும் இரண்டு மூன்று டிகிரி கூட்டியோ குறைத்தோ காட்டலாம். சில போன்களில் உண்மை வடக்கு, காந்த வடக்கு என்று மாற்றி வைக்கும் வசதியும் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் சிறியதுதான், என்றாலும் ஒரு முறை அதிலும் மறுமுறை இதிலும் அளக்கக் கூடாது.

இங்கேதான் பனையடி அளவு உதவும். பனையடியில் நின்று மோட்டார் ரூம் மூலையைப் பாருங்கள். நோட்டில் 270 என்று இருக்கிறது, புதிய போன் 273 காட்டினால் அது மூன்று டிகிரி கூட்டிக் காட்டுகிறது. ஆகவே வயலுக்குள் 320-க்குப் பதில் 323-ஐயும், 50-க்குப் பதில் 53-ஐயும் தேடுங்கள். பனையும் மோட்டார் ரூமும் இடம் மாறாதவரை எந்தப் போனையும் இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை அடிக்குள் கிடைக்கும்?

நன்றாக அளந்தாலும் போன் காம்பஸில் இரண்டு டிகிரி தவறு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வயலில் அது மோட்டார் ரூம் பக்கம் ஐந்தரை அடி, பனைப் பக்கம் ஆறரை அடி. ஆகவே குச்சி அடித்த இடத்தைச் சுற்றி எட்டு ஒன்பது அடிக்குள் டீ இருக்கும்.

அந்த வட்டம் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. குழாய் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்திருக்கும். குழாய்க்குக் குறுக்காக ஒரு சிறு பள்ளம் எடுத்தால் முதலில் குழாய் அகப்படும். பிறகு அதை ஒட்டியே இரு பக்கமும் போனால் டீ கிடைத்துவிடும். இரண்டடி ஆழம் தாண்டியதும் கடப்பாரையைப் போடாதீர்கள், பிவிசி தாங்காது. மண்வெட்டியால் மெதுவாக மண்ணை எடுங்கள்.

வயல் காலியாக இருக்கும்போதே இரண்டு அடையாளத்திலிருந்தும் டேப் பிடித்து அளந்து வைத்தால் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு இரண்டு ஆள் வேண்டும், நீண்ட டேப் வேண்டும், நடுவில் பயிரோ வாய்க்காலோ இருக்கக் கூடாது. ஒருவரே நின்ற இடத்திலிருந்து முடித்துவிடலாம் என்பதுதான் திசைக்கோணத்தின் வசதி. போனில் மேப்பைத் திறந்து அந்த இடத்தைச் சேமித்து வைப்பதும் நல்லதுதான். ஆனால் திறந்த வெளியிலேயே அதில் சுமார் 15 அடி தவறு வரும். தென்னந்தோப்புக்குள் இன்னும் கூடும். ஆகவே அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு இது ஆகாது

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். எல்லைக்கல் காணாமல் போனால் 'காம்பஸில் பார்த்தேன், கல் இங்கேதான் இருந்தது' என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசப் போகாதீர்கள். ஆறு அடி தவறு வரும் முறையை வைத்துக்கொண்டு அரை அடித் தகராறைத் தீர்க்க முடியாது. எல்லை என்பது புலப்படத்தில் எழுதியிருக்கும் நீள அளவுகளை வைத்துச் சர்வேயர் அளந்து சொல்ல வேண்டியது. அதற்குக் கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

டீ, கேட் வால்வு, ஏர் வால்வு, குழாய் திரும்பும் முனை, மூடி வைத்த பழைய போர் ஆகியவற்றுக்கு இந்த முறை போதும். புதிதாகக் குழாய் பதிப்பவர்கள், குழியில் மண் தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பின் மேலும் நின்று மூன்று அடையாளங்களின் எண்ணையும் எழுதி, அந்த நோட்டைப் பட்டா இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.